கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும்: தேதியை ஏன் மறுபடி தட்டணும்?

தஞ்சாவூர்ப் பக்கம் தை பொறந்துட்டா அறுவடையும் கல்யாணமும் சேர்ந்தே வரும். முன்னெல்லாம் மஞ்சள் தடவின பத்திரிகை தபால்ல வரும், இல்லன்னா தட்டுல வச்சு நேர்ல வந்து கொடுப்பாங்க. இப்பவும் நேர்ல வர்றாங்க. ஆனா வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கிற சொந்தபந்தத்துக்கு மின்மடல்தான். மடல் வந்ததும் நம்மாளுங்க என்ன செய்றாங்கன்னு பாத்தீங்கன்னா, ஒரு சன்னல்ல மடலைத் திறந்து வச்சுக்கிட்டு, இன்னொரு சன்னல்ல காலண்டரைத் திறந்து, பேர், தேதி, நேரம், மண்டபம் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து தட்டுறாங்க. இது தேவையில்லாத வேலை, தப்பு நடக்கிற வேலையும் கூட என்பது என் கட்சி. ஆனா "பொட்டியே எல்லாத்தையும் பாத்துக்கும்"னு கண்ணை மூடிக்கிறவங்க கட்சியும் நான் இல்லை. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஒரு மடலை எடுத்துக்குவோம். நம்ம ஊர் பத்திரிகை வாசகம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்:

"நிகழும் விசுவாவசு வருஷம் தை மாதம் 23-ஆம் தேதி (06.02.2026) வெள்ளிக்கிழமை காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்... முதல் நாள் மாலை 6.30 மணிக்கு வரவேற்பு... இடம்: கீழவாசல், தஞ்சாவூர்."

மடலோட தலைப்பு: Fwd: Fwd: அழைப்பிதழ். சித்தப்பாவுக்கு வந்து, அவர் அத்தைக்கு அனுப்பி, அத்தை நமக்கு அனுப்பினது. To வரிசையில நாப்பது பேர் இருக்காங்க. இதை மறுபடி தட்டாம காலண்டர்ல ஏத்தணும். அவ்வளவுதான் கணக்கு.

தண்டர்பேர்ட்ல எப்படி?

நான் பயன்படுத்துறது தண்டர்பேர்ட். ஒரு காலத்துல இதுக்கு லைட்னிங்னு ஒரு நீட்சியைத் தனியா இறக்கிப் போடணும். இப்ப காலண்டர் உள்ளேயே இருக்கு. மடல் பட்டியல்ல அந்த மடல் மேல வலச் சொடுக்கு போட்டா Convert To அப்படின்னு ஒரு வரி வரும், அதுக்குள்ள Event... இருக்கும். மேல Message மெனுவுலயும் அதே வரி உண்டு. அதைச் சொடுக்கினா புது நிகழ்வுக்கான சன்னல் திறக்கும். மடலோட தலைப்பு நிகழ்வோட தலைப்பா வந்திருக்கும். மடலோட முழு வாசகமும் விளக்கப் பகுதியில வந்திருக்கும். இது ரெண்டுலயும் தப்பு வர வாய்ப்பே இல்லை, ஏன்னா அது அப்படியே நகல்.

தேதியும் நேரமும் வேற கதை. தண்டர்பேர்ட் மடலை வாசிச்சு, இதுல தேதி மாதிரி, நேரம் மாதிரி எது இருக்குன்னு ஊகிக்கப் பாக்கும். ஊகம்தான், அறிவு இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் மாசப் பேர், நேரச் சொல், "இன்று" "நாளை" மாதிரி வார்த்தைகள் அடங்கின பட்டியலை வச்சுக்கிட்டு, மடல்ல அதைத் தேடிப் பொருத்திப் பாக்குது. 6 February 2026, 9 am அப்படின்னு இங்கிலீஷ்ல ஒரு வரி இருந்தா பெரும்பாலும் பிடிச்சுடும். "தை மாதம் 23-ஆம் தேதி காலை 9.00 மணிக்கு மேல்" அப்படின்னு இருந்தா பிடிக்கும்னு நம்பி உக்காராதீங்க.

பிடிச்சுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சுலபம்தான். திறந்த சன்னல்ல தொடக்க நேரம் இப்ப மணி என்னவோ அதுக்கு அடுத்த முழு மணியா இருந்தா, அது எதையும் கண்டுபிடிக்கலைன்னு அர்த்தம். சும்மா ஒரு இயல்பு நேரத்தைப் போட்டு வச்சிருக்கு. தேதி சரியா வந்து All day event அப்படிங்கிற கட்டம் டிக் ஆகியிருந்தா, தேதி கிடைச்சுது, மணி கிடைக்கலை. தொடக்கம் சரியா இருந்து முடிவு மட்டும் சரியா ஒரு மணி நேரம் கழிச்சு இருந்தா, முடிவு நேரம் கிடைக்காம அறுபது நிமிஷம்னு அதுவாப் போட்டிருக்கு. இந்த மூணு அடையாளத்தையும் ஞாபகம் வச்சுக்கிட்டா போதும். சன்னலை ஒரு பார்வை பாத்தாலே எதை நம்பலாம், எதை நம்பக்கூடாதுன்னு தெரிஞ்சுடும்.

ஒரு சின்ன தந்திரம் உண்டு. மடல்ல ஒண்ணுக்கு மேல தேதி இருந்தா அது குழம்பும். நம்ம மடலையே பாருங்க. 23 ஒரு எண், 06.02.2026 ஒண்ணு, 9.00, 10.30, அப்புறம் முதல் நாள் 6.30. அதனால மாத்தறதுக்கு முன்னாடி எந்த நிகழ்வு வேணுமோ அந்த வரியை மட்டும் சுட்டியால தேர்ந்தெடுத்துட்டு Convert To போடுங்க. தேர்ந்தெடுத்த பகுதியிலேர்ந்து மட்டும் தேதியை எடுக்கப் பாக்கும். வரவேற்புக்கு ஒரு தடவை, முகூர்த்தத்துக்கு ஒரு தடவைன்னு ரெண்டு தடவை செய்யணும். ஒரு மடலிலேர்ந்து ஒரு சொடுக்குக்கு ஒரே நிகழ்வுதான் வரும்.

தை 23 எந்த நாள்?

பத்திரிகையில அடைப்புக்குள்ள இங்கிலீஷ் தேதி போடாதவங்களும் இருக்காங்க. அப்ப நாமதான் கணக்குப் போடணும். இங்க ஒரு கண்ணி இருக்கு. 2026-ல தை 1 ஜனவரி 15-ல வந்துச்சு. அதனால தை 23 பிப்ரவரி 6. ஆனா 2025-ல பொங்கல் ஜனவரி 14. அந்த வருஷம் தை 23 பிப்ரவரி 5. "போன வருஷம் தை 23 அஞ்சாம் தேதிதானே"ன்னு மனக்கணக்குப் போட்டா ஒரு நாள் முன்னாடி போய் மண்டபத்து வாட்ச்மேனைப் பாத்துட்டு வரவேண்டியதுதான் :-)

இதுக்கு ஒரு நல்ல பரிசோதனை பத்திரிகையிலேயே இருக்கு. கிழமை! பிப்ரவரி 6, 2026 வெள்ளிக்கிழமை. பத்திரிகையிலயும் வெள்ளின்னு இருக்கு. ரெண்டும் ஒத்துப் போனா தேதி சரி. தண்டர்பேர்ட் சன்னலோ கூகிள் காலண்டரோ, தேதியை மாத்தினதும் கிழமையைப் பாருங்க. 06/02-ஐ அமெரிக்கக்காரன் மாதிரி ஜூன் 2-ன்னு படிச்சிருந்தா அது செவ்வாய்க்கிழமை. உடனே மாட்டிக்கும். வெள்ளிக்கிழமை முகூர்த்தம் ஒம்பதிலேர்ந்து பத்தரைக்குள்ள இருக்கிறதும் நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொரு சாட்சி. பத்தரைக்கு மேல வெள்ளிக்கிழமை ராகு காலம். காலண்டர்ல முகூர்த்தம் பதினொரு மணின்னு விழுந்திருந்தா எங்கயோ இடிக்குதுன்னு பாட்டியே சொல்லிடுவாங்க.

இதே காரணத்தாலதான் சில நிகழ்வுகளுக்கு "வருஷா வருஷம் திரும்ப வரும்" அப்படிங்கிற கட்டத்தை டிக் பண்ணவே கூடாது. நம்ம திருவையாறு தியாகராஜர் ஆராதனையை எடுத்துக்குங்க. அது புஷ்ய பகுள பஞ்சமித் திதியில வர்றது. 2024-ல ஜனவரி 30, 2025-ல ஜனவரி 18. யாராவது 2024-ல வந்த மடலை நிகழ்வா மாத்தி, வருஷாந்திரம்னு போட்டிருந்தா, 2025-ல காலண்டர் பேச்சைக் கேட்டுப் போனவருக்குக் காலிப் பந்தல்தான் கிடைச்சிருக்கும். அப்பா அம்மா திவசமும் அப்படித்தான். திதிக்கு வர்ற எதுவும் ஒவ்வொரு வருஷமும் புதுசா ஏத்தவேண்டியதுதான். மடலிலேர்ந்து மாத்துற வசதி இருக்கிறதால அது பெரிய பாரமும் இல்லை.

ஜிமெயில்காரங்க கவனிக்க

ஜிமெயில்லயும் இந்த வசதி உண்டு. உலாவியில மடலைத் திறந்து, மேல இருக்கிற மூணு புள்ளியைச் சொடுக்கினா Create event அப்படின்னு வரும். தலைப்பும் வாசகமும் காலண்டருக்குப் போயிடும். தேதியை நீங்கதான் மாத்தணும். அதுவரைக்கும் சரி.

சிக்கல் என்னன்னா, மடல்ல இருந்த அத்தனை பேரையும் அது Guests பட்டியல்ல சேர்த்துடும். அலுவலகத்துல இது நல்ல வசதி. அஞ்சு பேர் பேசிக்கிட்ட மடலை அஞ்சு பேருக்கும் கூட்டமா மாத்திடலாம். ஆனா நம்ம கல்யாண மடல்ல நாப்பது பேர் இருக்காங்களே! Save போட்டதும் "விருந்தினருக்கு அழைப்பு அனுப்பலாமா?"ன்னு கேக்கும். அவசரத்துல Send-ஐ அழுத்திட்டீங்கன்னா, பொண்ணு வீட்டுக்காரரே நாப்பது பேருக்கு அனுப்பின அழைப்பை நீங்களும் உங்க பேர்ல நாப்பது பேருக்கு அனுப்பினதா ஆயிடும். அதுல பொண்ணோட அப்பாவும் ஒருத்தர். அவருக்கே அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்க அழைப்பு வைக்கிறீங்க! அதனால Create event போட்டதும் மொத வேலை, Guests பட்டியலைக் காலி பண்ணுங்க. அப்புறம்தான் தேதி.

கிளாசிக் அவுட்லுக்ல மடலைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் காலண்டர் குறி மேல விட்டா போதும், நிகழ்வுச் சன்னல் திறந்துடும். தலைப்பும் வாசகமும் வரும், ஆனா மடல்ல இருக்கிற தேதியை எடுத்துப் போடாது. இடது பொத்தானுக்குப் பதில் வலது பொத்தானால இழுத்து விட்டா, வாசகமா வேணுமா, மடலையே இணைப்பா வச்சுக்கணுமான்னு கேக்கும். பத்திரிகையோட வரைபடம், படம் எல்லாம் மடல்ல இருந்தா இணைப்பா வச்சுக்கிறது நல்லது. மண்டப வாசல்ல நின்னுக்கிட்டு பழைய மடலைத் தேட வேண்டாம் பாருங்க.

எதுல மாத்தினாலும் கையால செய்யவேண்டியவை

தலைப்பு. "Fwd: Fwd: அழைப்பிதழ்"னு விட்டுட்டா தை மாசத்துல உங்க காலண்டர்ல ஆறு "அழைப்பிதழ்" இருக்கும். எது யாரோடதுன்னு தெரியாது. யார் வீட்டுக் கல்யாணம்னு ரெண்டு வார்த்தை போடுங்க.

இடம். மடல் வாசகம் விளக்கத்துக்குப் போகுமே தவிர, இடத்துக்கான பெட்டியை இந்த வசதி நிரப்பும்னு எதிர்பாக்காதீங்க. அந்த ஒரு வரியை வெட்டி ஒட்டணும். தெருப் பேரோட ஒட்டுங்க. ஒரே பேர்ல தஞ்சாவூர்ல ஒரு மண்டபமும் கும்பகோணத்துல ஒரு மண்டபமும் இருக்கிறது நம்ம ஊர்ல புதுசா என்ன?

நினைவூட்டல். கூகிள் காலண்டர் வழக்கமா அரை மணி முன்னாடி ஞாபகப்படுத்தும். சென்னையில இருக்கிறவனுக்கு தஞ்சாவூர் முகூர்த்தத்தை எட்டரை மணிக்கு ஞாபகப்படுத்தி என்ன பிரயோசனம்? முதல் நாள் ராத்திரி எழும்பூர்ல உழவன் எக்ஸ்பிரஸ் ஏறியாகணும். அதனால ஒரு நாள் முன்னாடி ஒண்ணு, டிக்கெட் எடுக்க ரெண்டு மாசம் முன்னாடி ஒண்ணு. ரயில் டிக்கெட் மடலையும் இதே மாதிரி நிகழ்வா மாத்தினா ஒண்ணைக் கவனிங்க. ஒரு மணி நேர நிகழ்வுன்னு அதுவாப் போட்டிருக்கும். முடிவை மறுநாள் காலைக்கு மாத்தணும்.

நேர மண்டலம். இது வெளிநாட்டு நண்பர்களுக்கு. எங்க சொந்தத்துல ஒருத்தர் சிங்கப்பூர்ல இருக்கார். நேர்ல வரமுடியலை, இணையத்துல நேரலை பாக்கலாம்னு பத்திரிகையைப் பாத்து 9.00-னு அவரே தட்டி வச்சுக்கிட்டார். அவர் பொட்டி அதைச் சிங்கப்பூர் நேரம் ஒம்பதுன்னு எடுத்துக்கிச்சு. இங்க அப்ப காலை ஆறரை. மண்டபத்துல கோலம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. காத்திருந்து பாத்துட்டு, நேரலை வேலை செய்யலைன்னு நினைச்சு வெளிய கிளம்பிப் போயிட்டார். தாலி கட்டினப்ப அங்க பதினொண்ணரைக்கு மேல. நிகழ்வுச் சன்னல்ல நேரத்துக்குப் பக்கத்துல மண்டலத்தை Asia/Kolkata-ன்னு மாத்தியிருந்தா, அவர் காலண்டர் தானாவே 11.30-னு காட்டியிருக்கும்.

இன்னொண்ணு. பத்திரிகையைப் படமா மட்டும் ஒட்டி அனுப்புறாங்க பாருங்க, அதுல மாத்துறதுக்கு வாசகமே கிடையாது. Convert To போட்டா தலைப்பு மட்டும் வரும். மத்ததெல்லாம் கைதான்.

அனுப்புறவங்களுக்கு என் வேண்டுகோள்

இவ்வளவு நேரம் வாங்குறவன் படுற பாட்டைப் பேசினேன். உண்மையில இந்தப் பாடு அனுப்புறவர் ஒரு சின்னக் காரியம் செஞ்சா இல்லாமப் போயிடும். மடலோட ஒரு .ics கோப்பை இணைச்சு அனுப்புங்க. இது ஒண்ணும் புது சமாச்சாரம் இல்லை. 1998-லயே வகுத்த முறை, 2009-ல RFC 5545-ஆ திருத்தி எழுதினாங்க. தண்டர்பேர்ட், அவுட்லுக், கூகிள், ஆப்பிள் எல்லாத்துக்கும் தெரியும். நோட்பேட்ல எழுதிடலாம்:

```
BEGIN:VCALENDAR
VERSION:2.0
PRODID:-//veettu azhaippu//TA
BEGIN:VEVENT
UID:muhurtham-20260206@example.com
DTSTAMP:20260105T043000Z
DTSTART:20260206T033000Z
DTEND:20260206T050000Z
SUMMARY:திருமணம் - முகூர்த்தம்
LOCATION:கீழவாசல்\, தஞ்சாவூர்
END:VEVENT
END:VCALENDAR
```

DTSTART-ல 0330 எங்கேர்ந்து வந்துச்சுன்னா, கடைசியில இருக்கிற Z உலகப் பொது நேரத்தைக் குறிக்கும். நம்ம ஒம்பது மணியிலேர்ந்து அஞ்சரை மணி நேரத்தைக் கழிச்சா மூணரை. பத்தரைக்கு அஞ்சு. இப்படிப் போட்டா சிங்கப்பூர்க்காரருக்கு அவர் நேரத்துல, துபாய்க்காரருக்கு அவர் நேரத்துல தானா காட்டும். இடத்துல காற்புள்ளிக்கு முன்னாடி ஒரு சாய்கோடு இருக்கு பாருங்க, அது இந்த முறையோட விதி, விட்டுடாதீங்க. கோப்பை UTF-8-ல சேமிங்க, இல்லன்னா தமிழ் எழுத்து கேள்விக்குறியா மாறிடும். வரிகளைச் சின்னதா வைங்க. ஒரு வரிக்கு 75 பைட் அளவுன்னு விதி, தமிழ்ல ஒவ்வொரு குறியீடும் மூணு பைட் எடுத்துக்கும். வரவேற்புக்கு BEGIN:VEVENT-லேர்ந்து END:VEVENT வரைக்கும் இன்னொரு தடவை, வேற UID போட்டு எழுதினா ரெண்டும் ஒரே கோப்புல போயிடும்.

இதுக்கெல்லாம் பொறுமை இல்லைன்னா ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. விசுவாவசு வருஷம் தை மாசமெல்லாம் அழகா இருக்கட்டும், அதை எடுக்கச் சொல்லலை. கீழ தனியா ஒரு வரி: Friday, 6 February 2026, 9:00 am to 10:30 am IST. மாசப் பேரை எழுத்துல போடுங்க, எண்ணுல வேண்டாம். அந்த ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து மாத்தினா வேலை முடிஞ்சுது. படிக்கிற மனுஷனுக்கும் குழப்பம் இல்லை, பொட்டிக்கும் இல்லை.

"வாட்சப்புல பத்திரிகை படம் இருக்கே, அதைப் பாத்துக்கிட்டா போதாதா?"ன்னு கேக்கறவங்க உண்டு. படம் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லாதுங்க. அது போன்ல எங்கயோ ஆயிரம் குட்மார்னிங் படத்துக்கு நடுவுல கிடக்கும். காலண்டர் முதல் நாளே மணி அடிக்கும். வித்தியாசம் அதுதான்.

நம்ம பதிவர்களும் சந்திப்புக்கு மடல் போடும்போது "வர்ற ஞாயிறு சாயங்காலம்"னு மட்டும் எழுதாம, மேல சொன்ன மாதிரி ஒரு வரி சேருங்களேன். மடல் ரெண்டு கை மாறி வர்றதுக்குள்ள "வர்ற ஞாயிறு" போன ஞாயிறா ஆயிடுது.

பி.கு: நீங்க வேற மடல் செயலி பயன்படுத்துறீங்கன்னா, அதுல இந்த வசதி எங்க இருக்கு, தமிழ்த் தேதியை எப்படிக் கையாளுதுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. "தை 23"-ஐத் தானே புரிஞ்சுக்கிற செயலி எதையாவது யாராவது பாத்திருந்தா அவருக்குக் கும்பகோணம் டிகிரி காப்பி என் செலவு :-)